‘எது பிந்தியதோ’ என்ற இரண்டு சொற்களை எதிர்த்து



திங்கட்கிழமை இரவு செல்லர் பேனலைத் திறந்தவர்கள் எல்லோரும் அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். விதிமுறைகள் மாறியிருக்கின்றன, வரும் 15ஆம் தேதிக்குப் பிறகும் கணக்கைப் பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று இருந்தது. பக்கத்திலேயே ‘சரி’ என்று ஒரு பொத்தான். மறுநாள் காலை பிக்அப் வண்டி வருவதற்குள் லேபிள் ஒட்டவேண்டிய பார்சல் நாற்பது கிடந்தது. நானும் அழுத்தினேன். படித்தது செவ்வாய்க்கிழமைதான்.

அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: கமிஷனை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கிவிட்டார்கள். கோபம் நியாயம்தான். 499 ரூபாய் டீ-ஷர்ட் பேக்கில் அந்த இரண்டு சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு ரூபாய் போகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்து வருகிற அடி. விலையைக் கொஞ்சம் ஏற்றலாம், பாலிபேக்கில் மிச்சம் பிடிக்கலாம், கட்டாது என்றால் அந்த டிசைனையே எடுத்துவிடலாம். நான் பயப்படுவது அதே ஒப்பந்தத்தில் ஐந்து பக்கம் தள்ளி இருக்கும் ஒரு வரிக்கு. கணக்கு இடைநிறுத்தப்பட்டால் விற்பனையாளருக்குச் சேரவேண்டிய தொகையை ‘90 நாட்கள் அல்லது விசாரணை முடியும் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை’ நிறுத்திவைக்கலாம் என்கிறது அந்த வரி. பழைய ஒப்பந்தத்தில் 90 நாட்கள் என்று மட்டும் இருந்தது. அப்போது குறைந்தபட்சம் ஒரு தேதி இருந்தது. இப்போது விசாரணை எப்போது முடியும் என்று எங்கும் எழுதவில்லை. யார் விசாரிப்பார்கள் என்றும் எழுதவில்லை.

அந்த ‘எது பிந்தியதோ’வை எடுக்கவைக்கத்தான் இந்த அழைப்பு. கமிஷனைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இது ஏன் நம் கழுத்துக்குக் கத்தி என்பதை நம் தோழர் ஒருவரின் கணக்கை வைத்தே காட்டுகிறேன். அவர் அனுமதி கொடுத்தார், பெயர் வேண்டாம் என்றார். ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், மூன்று பீஸ் பேக், 499 ரூபாய். பழைய கமிஷனில் ஒரு பார்சலின் கணக்கு இது. கமிஷன் 49.90, நிலையான கட்டணம் 25, ஷிப்பிங் 75, பணம் வசூலிக்கும் கட்டணம் 10. இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 188 ரூபாய் 68 காசு அங்கேயே கழிந்துவிடும். பிறகு டிசிஎஸ், டிடிஎஸ் இரண்டும் சேர்த்து மூன்று ரூபாய்க்குள். வங்கிக்கு வருவது 307 ரூபாய். துணி, தையல், டேக், பாலிபேக் எல்லாம் சேர்த்து அவருக்கு 260 ஆகிறது. ஒரு பேக்கில் நிற்பது 47 ரூபாய்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் கணக்கு பொய்யாகிவிடும். அந்தக் கட்டணங்களின் மேல் நாம் கட்டும் 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம் என்று ஆடிட்டர் சொல்வார். எடுக்கலாம். ஆனால் நம் சரக்குக்கு வரி 5 சதவீதம். ஒரு பேக்கில் நாம் கட்டவேண்டியது 23.76, கட்டணங்களில் வரும் கிரெடிட் மட்டுமே 28.78. மீதி லெட்ஜரில் ஏறிக்கொண்டே போகும். துணி மாதிரியான பொருளின் மேல் கட்டிய வரி தேங்கினால் ரீஃபண்ட் கேட்க வழி இருக்கிறது. கமிஷன், ஷிப்பிங் மாதிரியான சேவைகளின் மேல் கட்டிய வரிக்கு அந்த வழி இல்லை. 2021 செப்டம்பரில் விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. எனவே திரையில் தெரியும் கிரெடிட்டைப் பணம் என்று எண்ணாதீர்கள்.

இப்போது ரிட்டர்னுக்கு வருவோம். வாடிக்கையாளர் வாங்கிப் பிரித்துப் பார்த்து, சைஸ் சரியில்லை என்று திருப்பினால், கமிஷனும் நிலையான கட்டணமும் வசூல் கட்டணமும் திரும்ப வரும். போன ஷிப்பிங் 75, வந்த ஷிப்பிங் 90, இரண்டுக்கும் ஜிஎஸ்டி ஆகியவை நம் தலையில். ஒரு ரிட்டர்னுக்கு 195 ரூபாய். அதாவது நான்கு பேக் விற்ற லாபத்தை ஒரு ரிட்டர்ன் தின்றுவிடுகிறது. ஐந்தில் ஒன்று திரும்பினால் தோழர் சும்மா உழைக்கிறார். அவருக்கு நூற்றுக்குப் பதினைந்து திரும்புகிறது. அந்த நூறு பார்சலில் அவருக்கு நிற்பது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், அதுவும் திரும்பி வந்த துணி கறைபடாமல் வந்தால்.

இதில் ஒரு திருட்டு நடக்கிறது, எல்லோரும் கவனியுங்கள். கொரியர்காரர் டெலிவரி கொடுக்கவே முடியாமல் திரும்பும் பார்சலுக்கு, அதாவது ஆர்டிஓவுக்கு, இந்தத் தளத்தில் நம்மிடம் ஷிப்பிங் பிடிக்கக்கூடாது. ஆனால் அதை ‘கஸ்டமர் ரிட்டர்ன்’ என்று பதிந்து 195 பிடித்திருக்கும் வரிகளை நான் என் ஷீட்டிலேயே கண்டேன். கண்டுபிடிப்பது எளிது. அந்த ஏடபிள்யூபி எண்ணின் ட்ராக்கிங்கைத் திறந்து ‘டெலிவர்டு’ என்ற ஸ்கேன் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலே கஸ்டமர் ரிட்டர்ன் என்றிருந்தால் அது ஆர்டிஓ. க்ளெய்ம் போடுங்கள், காலக்கெடு ஓடிவிடுவதற்குள் போடுங்கள்.

சரி, தோழர் கதைக்கு வருகிறேன். அவர் கணக்கு ஒரு வியாழக்கிழமை காலை மூடப்பட்டது. வந்த மெயிலில் ஒரே வாக்கியம்: உங்கள் கணக்கு எங்கள் கொள்கையை மீறிய வேறொரு கணக்குடன் தொடர்புடையது. எந்தக் கணக்கு, எப்படித் தொடர்பு என்று ஒரு சொல் இல்லை. ஜிஎஸ்டி சான்றிதழ், துணி வாங்கிய பில், ஈபி பில், குடோன் வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். மூன்று முறையும் அதே வாக்கியம்தான் திரும்பி வந்தது.

காரணத்தை நாமே தேடிப் பிடித்தோம். அவருக்கு ஜிஎஸ்டி போடும் கணக்கர் மொத்தம் ஆறு பேருக்குப் போடுகிறார். ரிப்போர்ட் இறக்குவதற்காக ஆறு பேருடைய பேனலிலும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே இணைய இணைப்பில் நுழைவார். அந்த ஆறில் ஒருவர் ஏதோ பெரிய பிராண்ட் பெயரை டீ-ஷர்ட்டில் அச்சடித்து மாட்டிக்கொண்டார். மறுநாளே நம் தோழர் கணக்கும் போயிற்று. திருப்பூரில் ஒரே காம்பவுண்டில் நாலு பேர் குடோன் வைத்திருப்பது புதிதா? ஒரே கணக்கர், ஒரே வைஃபை, ஒரே பிக்அப் முகவரி என்பது நம் ஊரில் தொழில் நடக்கும் முறை. அவர்கள் இயந்திரத்துக்கு அது மோசடிக் கும்பல். எந்தக் கணக்கோடு இணைத்தார்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு பிற்பகலில் விளக்கியிருக்கலாம். சொல்லவில்லை. குற்றச்சாட்டே தெரியாதவன் எதற்குப் பதில் எழுதுவான்?

அன்று அவருக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு? நாளைக்கு 60 பார்சல். டெலிவரி ஆகி, ரிட்டர்ன் நாள் முடிந்து, செட்டில்மென்ட் ஆகும்வரை எப்போதும் ஏறத்தாழ பதினைந்து நாள் பணம் தளத்திடம்தான் இருக்கும். 900 பார்சல், பார்சலுக்கு 307, ஆக 2,76,300 ரூபாய். இதைத்தான் மொத்தமாக நிறுத்தினார்கள்.

தளத்துக்கு அதில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. கடையை மூடிக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டால் பின்னால் வரும் ரிட்டர்னுக்கு யார் பொறுப்பு? வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பியாகவேண்டும். எனவே கொஞ்சம் பிடித்துவைக்கட்டும். எவ்வளவு? அதே பதினைந்து சதவீதம் திரும்புகிறது என்று வைப்போம். 135 பார்சல். அவற்றுக்கான 307ஐ நமக்குத் தரவேண்டியதில்லை, அதோடு 195ஐயும் நம்மிடம் கழிக்கவேண்டும். ஒரு பார்சலுக்கு 502 வீதம் 67,770 ரூபாய். மிச்சம் இரண்டு லட்சத்து எட்டாயிரத்துச் சொச்சத்தை அவர்கள் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அந்த 67,770ஐயும் கடைசிப் பார்சலின் ரிட்டர்ன் நாள் முடிந்ததும் கணக்குப் பார்த்து விட்டுவிடவேண்டியதுதான். டெலிவரிக்கு ஒரு வாரம், ரிட்டர்னுக்கு ஒரு வாரம், திரும்பி வந்து சேர இன்னொரு வாரம், தாராளமாக இன்னும் ஒரு வாரம் சேர்த்தாலும் முப்பது நாளைத் தாண்டாது. 90 நாள் எங்கிருந்து வந்தது? அதற்கும் மேல் ‘எது பிந்தியதோ’ எதற்கு?

சனிக்கிழமை தையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். தோழர் நூற்றுக்கு இரண்டு வட்டியில் அதே 2,76,300 ரூபாயை வாங்கினார். மூன்று மாதத்தில் வட்டி 16,578. அவர் வீட்டம்மா என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, நம்ம காசு அவங்ககிட்ட இருக்குது, வட்டி மட்டும் நாம கட்டறமா?” இந்தக் கேள்வியை நம் கோரிக்கை மனுவின் முதல் வரியாகப் போடலாம் என்று நினைத்தேன், வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நிறுத்திவைத்த அந்தப் பணத்துக்கும் தோழர் ஜிஎஸ்டி கட்டிவிட்டார். பில் போட்டு சரக்கு போனாலே வரி வந்துவிடும், காசு கைக்கு வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. தளமும் தன் பங்குக்கு அந்த விற்பனைக்கு அரை சதவீத டிசிஎஸ்ஸும் 0.1 சதவீத டிடிஎஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டது. அரசாங்கத்தின் கணக்கில் அது நடந்து முடிந்த விற்பனை. தளத்தின் கணக்கில் மட்டும் அது ‘விசாரணையில்’ இருக்கிறது.

ஆனால் இதுவே நம் கையில் இருக்கும் ஆயுதமும் ஆகிறது. கணக்கு மூடப்பட்ட அன்றே பேனலும் மூடிக்கொள்ளும், செட்டில்மென்ட் ஷீட்டை இறக்க முடியாது. எவ்வளவு வரவேண்டும் என்று நிரூபிக்கவே காகிதம் இல்லாமல் நிற்போம். அப்போது ஜிஎஸ்டி தளத்தைத் திறங்கள். ஒவ்வொரு தளமும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 தாக்கல் செய்தாகவேண்டும். அதில் நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு நேராக அந்த மாதம் எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு டிசிஎஸ் பிடித்தது என்று அவர்களே எழுதிக்கொடுத்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் நம் பான் எண்ணுக்கு நேராக டிடிஎஸ் இருக்கும். தோழரின் வக்கீல் நோட்டீஸில் நிற்கும் எண்கள் இந்த இரண்டிலிருந்து எடுத்தவை. எதிராளியே கையெழுத்திட்ட கணக்கை எதிராளி எப்படி மறுப்பார்?

சட்டம் நமக்கு எவ்வளவு துணை என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். அதைக் காட்டியே ஜெயித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரக்கை வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவிலான சட்டம். ‘நான் வாங்கவில்லை, வாங்கியவர் வாடிக்கையாளர், நான் சந்தை மட்டுமே’ என்றுதான் தளம் முதலில் வாதாடும். அந்த வாதத்தை உடைக்காமல் கவுன்சிலில் மனுப் போட்டால் காலம்தான் போகும். ஒருதலையான ஒப்பந்தம் செல்லாது என்று 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டுவார்கள். அதே தீர்ப்பு, இரண்டு பக்கமும் வியாபாரிகளாக இருந்து வணிக ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்தக் கோட்பாடு பொருந்தாமல் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. தளத்தின் வக்கீல் அந்தப் பத்தியோடுதான் வருவார்.

பிடிமானம் உள்ள இடம் மத்தியஸ்தப் பிரிவு. தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் ஒரே மத்தியஸ்தர் முன்னால் பெங்களூரில் என்று எழுதியிருக்கிறது. தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை மத்தியஸ்தரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அவர்கள் ஆளை ஏற்கமாட்டேன் என்று எழுதலாம், உயர் நீதிமன்றத்தில் நியமனம் கேட்கலாம். தோழர் இந்த வழியில்தான் போகிறார். அவருக்கு முதலில் அறிவுரை சொன்னவர்கள் ‘பெங்களூர் போகச் செலவாகும், விட்டுவிடு’ என்றார்கள். அந்தப் பிரிவை எழுதியதே நாம் அப்படிச் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான்.

ஒப்பந்தத்தை மாற்றவே முடியாது என்கிறவர்களுக்கு ஜெர்மனியைக் காட்டுங்கள். அமேசானில் விற்கும் வணிகர்கள் அங்கே தனித்தனியாகப் புகார் எழுதி எழுதிச் சேர்த்தார்கள். 2018 நவம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையமான புண்டஸ்கார்டெல்லாம்ட் விசாரணையைத் தொடங்கியது. அதுவரை அந்த ஒப்பந்தத்தில் காரணம் சொல்லாமலே உடனடியாகக் கணக்கை மூடும் உரிமை இருந்தது. 2019 ஜூலையில் அமேசான் அதை மாற்ற ஒப்புக்கொண்டது. சாதாரண நீக்கத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு, உடனடி நீக்கம் என்றால் காரணம். அடுத்த ஆண்டு ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். நம் நாட்டுப் போட்டி ஆணையமும் 2020 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், தளங்கள் ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்றுகின்றன என்ற விற்பனையாளர் புகாரைப் பதிவு செய்திருக்கிறது. பதிவானதோடு நிற்கிறது. ஜெர்மனியில் வேலை நடந்ததற்குக் காரணம் காகிதக் கட்டு.

அதனால்தான் குழுவில் இரண்டு நாளாக ஓடும் யோசனையை நான் எதிர்க்கிறேன். ‘15ஆம் தேதி எல்லோரும் ஸ்டாக்கை ஜீரோ ஆக்குவோம், ஒரே நாளில் தளம் பணியும்’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நாம் பஞ்சாலைத் தொழிலாளர்களாக இருந்தால் நானே முதலில் வெளியே வந்து நிற்பேன். நாம் சட்டத்தின் கண்ணில் ஒருவரோடொருவர் போட்டிபோடும் வியாபாரிகள். சேர்ந்து விலை வைத்தாலோ சேர்ந்து சரக்கை நிறுத்தினாலோ 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் நாமே குற்றவாளி ஆகலாம். சங்கங்கள் புறக்கணிப்பு நடத்தி அபராதம் கட்டியது நடந்திருக்கிறது. அதோடு, அவசரத்தில் வந்த ஆர்டரையும் கேன்சல் செய்துவிட்டால் கேன்சல் விகிதம் ஏறி, அதையே காரணமாக வைத்துக் கணக்கை மூடுவார்கள். பிறகு அதே ‘எது பிந்தியதோ’. விலையைப் பற்றியும் சரக்கை நிறுத்துவது பற்றியும் குழுவில் எழுதுவதை நிறுத்துங்கள். சேர்ந்து மனுக் கொடுப்பதையும் ஆவணம் சேர்ப்பதையும் யாரும் தடுக்க முடியாது.

நாம் கேட்கப்போவது இவ்வளவுதான். ‘பிந்தியதோ’ என்பதை ‘முந்தியதோ’ என்று மாற்றவேண்டும். திறந்திருக்கும் ரிட்டர்ன்களுக்கு வேண்டிய தொகையை மட்டும் பிடிக்கவேண்டும், மீதியை வழக்கமான செட்டில்மென்ட் நாளில் விடவேண்டும். மூடும்போது காரணத்தை எழுத்தில், ஆர்டர் எண்ணோடு, இணைந்த கணக்கு என்றால் எந்தக் கணக்கு என்பதோடு தரவேண்டும். மூடிய கணக்கிலும் ரிப்போர்ட் இறக்கும் வழி திறந்திருக்கவேண்டும்.

15ஆம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். இன்றிரவே செய்யவேண்டியது மூன்று. பழைய ஒப்பந்தம், புது ஒப்பந்தம் இரண்டையும் பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள், மெயிலில் தேதி விழும். கடந்த 12 மாத செட்டில்மென்ட் ஷீட், ரிட்டர்ன் ஷீட் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள், கணக்கு நன்றாக ஓடும்போதே செய்யுங்கள். கணக்கர் உங்கள் பேனலுக்குள் நுழைவதை இன்றோடு நிறுத்துங்கள், ரிப்போர்ட்டை நீங்களே இறக்கிக் கொடுங்கள்.

பிறகு தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில். வியாபாரம் நிற்கக்கூடாது என்பதால் தொடர்கிறேன், பணத்தை நிறுத்திவைக்கும் பிரிவை ஆட்சேபத்தோடுதான் ஏற்கிறேன் என்று உங்கள் பெயரில், உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு. இந்த மெயில் ஒப்பந்தத்தை உடைத்துவிடாது. நாளை ‘யாருமே ஆட்சேபிக்கவில்லையே’ என்று அவர்கள் சொல்லும் வாயை அடைக்கும். என்னைப் போல ஏற்கனவே ‘சரி’ அழுத்தியவர்களும் எழுதலாம், எழுதவேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு காதர்பேட்டைக்குப் பின்னால், கணக்கு மூடப்பட்ட நம் தோழரின் குடோனில் கூடுகிறோம். விற்காத பேக் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும், கொஞ்சம் நெருங்கித்தான் உட்காரவேண்டும். ஷீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் இருப்பார்கள். பிடித்துவைத்த பணம் உள்ளவர்கள் ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டை நினைவு வைத்துக்கொண்டு வாருங்கள், ஓடிபி வரும் போனையும் எடுத்து வாருங்கள். போன மாதம் அக்கா ஒருவர் ஈரோட்டிலிருந்து வந்து, ஓடிபி போன் வீட்டுக்காரரிடம் இருந்ததால் ஒன்றும் பார்க்காமலே திரும்பினார். லேப்டாப் உள்ளவர்கள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவும், குடோனில் ப்ளக் பாயிண்ட் இரண்டுதான் இருக்கிறது.